அஸ்தமன வானம் ஜிஃபில் மட்டும் ஏன் இப்படிப் புள்ளி புள்ளியாகிறது?

முட்டத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். முட்டம் கடற்கரைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியை விருந்தினர் தங்குவதற்கு விடுகிறோம். அதற்கென்று ஒரு சின்ன இணையதளம் இருக்கிறது. முகப்பில் மேலேயே, பாறையில் அலை அடிக்க, பின்னால் சூரியன் இறங்குகிற ஐந்து வினாடிக் காட்சி திரும்பத் திரும்ப ஓட வேண்டும் என்று ஆசை.

போனில் எடுத்த வீடியோ அருமையாக இருக்கிறது. வானம் ஆரஞ்சிலிருந்து ஊதா வரைக்கும் வழுவழுவென்று மாறுகிறது. அதையே ஜிஃப் ஆக்கினால் வானம் முழுக்கப் புள்ளி. அந்தப் புள்ளி ஒரே இடத்தில் நின்றாலாவது பரவாயில்லை, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கொதித்துக்கொண்டே இருக்கிறது. முன்னால் ஒரு வள்ளம் போகிறது, அதன் ஓரத்தில் அடித்திருக்கும் சிவப்பு வர்ணம் பழுப்பாகிவிட்டது.

இன்னொரு விஷயமும் புரியவில்லை. மூல வீடியோ 1920 x 1080, ஐந்து வினாடிக்குச் சுமார் 10 மெகாபைட். ஜிஃப் வெறும் 640 x 360, வினாடிக்கு 15 ஃப்ரேம்தான், ஆனால் 13 மெகாபைட். அளவைச் சின்னதாக்கினேன், தரமும் போய்விட்டது, அப்புறம் கோப்பு மட்டும் எப்படிப் பெரிசானது? நான் போட்ட கட்டளை இது:

```
ffmpeg -ss 2 -t 5 -i alai.mp4 -vf "fps=15,scale=640:-1" alai.gif
```

நாரோயில்_ஸ்டுடியோ

ஜிஃபில் மொத்தமே 256 நிறம்தான். போன் வீடியோவில் ஒன்றரைக் கோடிக்கு மேல் நிறம் வரும். மிச்சத்தைப் புள்ளி வைத்து ஏமாற்றுகிறது, அதற்குப் பெயர்தான் டிதரிங். டிதரிங்கை ஆஃப் பண்ணுங்கள், புள்ளி போய்விடும். அளவையும் 640-ல் வைக்காமல் 1080-க்கே எடுங்கள். கல்யாண ஆல்பத்துக்கு முன்னோட்டம் போடும்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

முட்டத்துக்காரி

டிதரிங்கை ஆஃப் பண்ணிப் பார்த்தேன். புள்ளி போய்விட்டது, ஆனால் இப்போது சூரியனைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. மேலே வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக இருக்கிறது. சூரியன் இறங்க இறங்க அந்தப் பட்டைகளும் நகர்கின்றன. இதற்குப் புள்ளியே தேவலை. கோப்பு மட்டும் நன்றாகக் குறைந்தது, 5 மெகாபைட்டுக்கு வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

தக்கலைக்காரன்

தங்கச்சி, ஏன் குறைந்தது என்று கேட்டீர்கள் பாருங்கள், உங்கள் பிரச்சினை மொத்தமும் அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வானத்தில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிவப்பின் அளவு 203 என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 256 நிறத்துக்குள் எல்லாவற்றையும் அடைத்ததில், அந்தப் பக்கத்துக்குக் கிடைத்தவை 200-ம் 208-ம்தான். டிதரிங் இல்லாவிட்டால் அந்தத் துண்டு முழுக்க 200 ஆகிவிடும். கொஞ்சம் தள்ளி, அளவு 204-ஐத் தாண்டியதும் எல்லாம் 208. நடுவில் ஒரு கோடு தெரியும். நீங்கள் பார்த்த வளையம் அதுதான்.

டிதரிங் வேறு மாதிரி செய்கிறது. எட்டு பிக்சலில் ஐந்தை 200 ஆகவும் மூன்றை 208 ஆகவும் வைக்கிறது. சராசரி சரியாக 203. பிக்சல் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருந்தால் நமக்கு 203 என்றே தோன்றும். பெரிதாகத் தெரிந்தால் 200-ம் 208-ம் தனித்தனியாகத் தெரியும். அதைத்தான் புள்ளி என்கிறோம். ஆக, அது படம் கெட்டுப்போனதால் வந்தது இல்லை, வளையத்தை மறைப்பதற்காக வேண்டுமென்றே தூவியது.

எந்த மூன்றை 208 ஆக்குவது என்பதில்தான் கொதிப்பு வருகிறது. ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976-ல் வெளியிட்ட முறையில், ஒரு பிக்சலில் வந்த பிழையைப் பக்கத்தில் இருப்பவற்றுக்குப் பங்கு போட்டுத் தள்ளுவார்கள். வலது பக்கத்துக்கு 16-ல் 7 பங்கு, கீழே நேராக 5, கீழே இடது 3, கீழே வலது 1. வாங்கிக்கொண்டது தன் பிழையையும் சேர்த்து அடுத்ததற்குத் தள்ளும். இப்படியே படத்தின் அடி வரைக்கும் போகும். ஒரு நிழற்படத்துக்கு இது மிக அழகாக வேலை செய்யும். வீடியோவில் கதை வேறு. அஸ்தமன நேரத்தில் போன் கேமராவின் சென்சாரில் கொஞ்சம் இரைச்சல் எப்போதும் இருக்கும். மேல் மூலையில் ஒரு பிக்சல் 203-லிருந்து 204 ஆனால் போதும், அதற்கு அப்புறம் வருகிற சங்கிலி அடுத்த ஃப்ரேமில் வேறு வழியில் போய்விடும். வானம் அசையவே இல்லை, ஆனால் புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. வினாடிக்கு 15 தடவை இப்படி மாறினால் கொதிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

கோப்பு பெரிசானதும் இதே காரணத்தால்தான். ஜிஃபுக்குள் இருக்கும் சுருக்கும் முறை, ஏற்கெனவே பார்த்த பிக்சல் தொடர் அப்படியே மறுபடி வந்தால் ஒரு எண்ணை எழுதி முடித்துவிடும். "அப்படியே" என்றால் ஒரு பிக்சல்கூட மாறக் கூடாது. ஒரே நிறத்தில் நீளமாகக் கிடக்கும் பட்டை அதற்குக் கொண்டாட்டம். தூவிய வானத்தில் எந்த இரண்டு வரியும் ஒன்றுபோல் இருக்காது. உங்கள் ஜிஃபில் 640 x 360 x 75 ஃப்ரேம், கிட்டத்தட்ட 1.73 கோடி பிக்சல். பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் சுருக்காமலே 17 மெகாபைட்தான் வரும். உங்களுக்கு 13 வந்திருக்கிறது. அதாவது சுருக்குவதற்கு அதற்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்கவில்லை. டிதரிங்கை நிறுத்தியதும் பட்டை கிடைத்தது, 5-க்கு இறங்கிவிட்டது.

ஸ்டுடியோ தம்பி 1080-க்கு எடுக்கச் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, பிக்சல் சின்னதானால் புள்ளியும் சின்னதாகும். ஆனால் 640 x 360-ஐ 1920 x 1080 ஆக்கினால் பிக்சல் எண்ணிக்கை சரியாக ஒன்பது மடங்கு. 13 மெகாபைட் நூறைத் தாண்டிவிடும். அந்த முகப்பை யாரும் திறந்து முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள்.

மார்த்தாண்டம்_அச்சகம்

அண்ணாச்சி சொல்வது எங்களுக்குத் தினசரி வேலை. ஆஃப்செட்டில் நாலே மைதான். இளநீலம் என்று ஒரு மை கிடையாது, நீலப் புள்ளியைச் சின்னதாகப் போட்டு இடையில் வெள்ளைக் காகிதத்தைத் தெரிய விடுகிறோம். காலண்டரைக் கையில் வைத்துப் பார்த்தால் வானம் வழுவழுவென்று இருக்கும், லென்ஸ் வைத்தால் புள்ளி தெரியும். அதே படத்தை ரோட்டோரம் பெரிய ஃப்ளெக்ஸில் அடித்தால் கிட்டே நின்று பார்க்கிறவனுக்குப் புள்ளிதான் தெரியும்.

அதனால் ஒரு சந்தேகம். தங்கச்சி ஜிஃப் 640 என்கிறார். இணையதளத்தில் அது எத்தனை அகலத்துக்கு இழுபட்டு நிற்கிறது?

முட்டத்துக்காரி

திரை முழு அகலத்துக்கு. மடிக்கணினியில் 1366, போனிலும் ஓரம் முதல் ஓரம் வரை.

தக்கலைக்காரன்

அச்சக அண்ணன் சரியான இடத்தில் கை வைத்தார். 640-ஐ 1366-க்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மடங்குக்கு மேல் அகலமாகிறது. உயரமும் அப்படியே. மறையவே வழியில்லை.

வள்ளத்தின் சிவப்புக்கும் வருகிறேன், அதற்குக் காரணம் வேறு. நீங்கள் போட்ட கட்டளையில் நிறத் தட்டு செய்யச் சொல்லவே இல்லை. அப்படி விட்டால் `ffmpeg` படத்தைப் பார்க்காமல் ஒரு பொதுத் தட்டை எடுத்துக்கொள்ளும். அதில் சிவப்புக்கு 8 படி, பச்சைக்கு 8 படி, நீலத்துக்கு 4 படி. பெருக்கினால் 256. கடலும் வானமும் இருக்கிற படத்தில் நீலத்துக்கு நாலே நாலு படி என்றால் யோசித்துப் பாருங்கள். உங்கள் வானத்தின் ஊதா மொத்தமும் அந்த நாலுக்குள் நசுங்கியிருக்கிறது. பச்சையும் வெள்ளையும் கலந்த நுரை நிறம் எதுவும் உங்கள் தட்டில் சரியாக இருக்காது, ஆனால் படத்தில் எங்குமே இல்லாத பளிச்சென்ற பச்சைக்கு இடம் ஒதுக்கியிருக்கும்.

உங்கள் படத்தைப் பார்த்தே தட்டு செய்யச் சொன்னால் இப்படி வரும்:

```
ffmpeg -ss 2 -t 5 -i alai.mp4 -vf "fps=15,scale=480:-1:flags=lanczos,split[a][b];[a]palettegen=stats_mode=full[p];[b][p]paletteuse=dither=bayer:bayer_scale=3" alai.gif
```

இதில் பேயர் என்பது இன்னொரு டிதரிங். பிழையைப் பக்கத்துக்குத் தள்ளாது. எந்த இடத்தில் 200, எந்த இடத்தில் 208 என்பதற்கு நிலையான கட்டம் ஒன்று வைத்திருக்கும். வானம் அசையாவிட்டால் புள்ளியும் அசையாது, கொதிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவதால் கோப்பும் சிறிதாகும். அதற்கு விலை, உற்றுப் பார்த்தால் பாய் முடைந்த மாதிரி குறுக்குக் கோடு தெரியும். `bayer_scale` 0-லிருந்து 5 வரை. எண் குறைந்தால் கோலம் தூக்கலாகத் தெரியும், கூடினால் கோலம் மங்கி வளையம் திரும்ப எட்டிப் பார்க்கும். அஸ்தமனத்துக்கு 2 அல்லது 3-ல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோவாளைப்பூ

எனக்கும் இதே பிரச்சினைதான். சந்தையில் காலை நேரத்தில் பூ குவித்திருப்பதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் எல்லாம் கலங்கிப்போகிறது. சாமந்தியும் கேந்தியும் ஒன்றாகிவிடுகின்றன. அங்கேயும் 256 நிறமாக ஆக்கிவிடுகிறார்களா? இந்தக் கட்டளையைப் போட்டால் சரியாகுமா?

தக்கலைக்காரன்

இல்லை மக்கா, உங்களுடையது வேறு நோய். ஸ்டேட்டஸில் போவது வீடியோதான், அதில் நிறத் தட்டே கிடையாது. அனுப்பும்போது பிட்ரேட்டைக் குறைத்து மறுபடி சுருக்குகிறார்கள், அதனால் இதழ் இதழாக இருக்கும் நுணுக்கம் முதலில் அழிகிறது. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பெரிதாக்குங்கள். ஒற்றைப் பிக்சல் அளவில் மாறி மாறி இரண்டு நிறம் தெரிந்தால் டிதரிங். சதுரம் சதுரமாகக் கட்டம் தெரிந்து உள்ளே மெழுகினாற்போல் இருந்தால் வீடியோ சுருக்கம். இந்தக் கட்டளை உங்களுக்கு வேண்டாம், போட்டால் இன்னும் மோசமாகும். பூக்குவியலைத் தூரத்திலிருந்து எடுக்காமல் கிட்டே போய், கேமராவை அசைக்காமல் எடுத்துப் பாருங்கள். அசைவு குறைந்தால் இருக்கிற பிட் நுணுக்கத்துக்குச் செலவாகும்.

முட்டத்துக்காரி

அண்ணாச்சி, புதுக் கட்டளை போட்டேன். கொதிப்பு நின்றுவிட்டது. ஊதா திரும்பி வந்துவிட்டது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் வள்ளத்தின் சிவப்பு இன்னும் வரவில்லை, இப்போது ஆரஞ்சுப் பழுப்பு. தட்டை என் படத்திலிருந்தே செய்ததாகச் சொன்னீர்களே?

தக்கலைக்காரன்

தட்டில் இடம் பிடிப்பது எண்ணிக்கையை வைத்து. வானமும் கடலும் லட்சக்கணக்கான பிக்சல், வள்ளத்தின் சிவப்புக் கோடு 480 அகலத்தில் சில நூறு பிக்சல்கூட இருக்காது. 256 இடத்தையும் ஆரஞ்சும் ஊதாவும் சாம்பலும் பங்கு போட்டுக்கொண்டபின், சிவப்பு தனக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு ஆரஞ்சுப் பழுப்பில் ஒதுங்க வேண்டியதுதான்.

`stats_mode=full` இருக்கிற இடத்தில் `stats_mode=diff` போட்டுப் பாருங்கள். முந்தின ஃப்ரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டும் கணக்கில் எடுக்கும். வள்ளமும் அலையும் அசைவதால் அவற்றுக்கு இடம் கூடும். ஆனால் அந்த இடம் வானத்திடமிருந்துதான் வரும். வள்ளம் சிவந்தால் வானத்தில் புள்ளி கூடும். உங்கள் படத்தில் இரண்டுமே முக்கியம் என்றால் ஜிஃபில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

குலசேகரத்தான்

ஒரு திருத்தம். ஸ்டுடியோக்காரர் "மொத்தமே 256" என்றார், எல்லோரும் அப்படியே விட்டுவிட்டீர்கள். ஜிஃப் 89ஏ வடிவத்தில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனித் தட்டு வைத்துக்கொள்ளலாம். 75 ஃப்ரேமுக்கும் தனித்தனி 256. `stats_mode=single` போட்டு, `paletteuse`-ல் `new=1` சேர்த்தால் `ffmpeg` அதைச் செய்யும். `gifski` இன்னும் புத்திசாலித்தனமாகச் செய்யும், ஃப்ரேம்களுக்கு இடையில் தட்டுகளைக் கலந்து ஒரே ஃப்ரேமில் ஆயிரக்கணக்கான நிறத்தைக்கூடக் காட்டும். ஆகவே ஜிஃபை இவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம்.

தக்கலைக்காரன்

வடிவம் அனுமதிப்பது உண்மைதான். நிறைய காட்சிகள் வெட்டி வெட்டி வந்தால் அது கை கொடுக்கும். திற்பரப்பு அருவி ஒரு வினாடி, பத்மநாபபுரம் அரண்மனை ஒரு வினாடி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு அருமையாக அமையும். ஆனால் இங்கே 75 ஃப்ரேமிலும் அதே வானம். தனித் தட்டு போட்டாலும் ஒவ்வொன்றும் அதே ஆரஞ்சு ஊதாவுக்குத்தான் இடம் ஒதுக்கும், வள்ளத்துக்கு அதே கதிதான். அதோடு, தட்டு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இம்மியளவு மாறினாலும் அசையாத வானம் லேசாக மினுங்கும். நான் பார்த்த அஸ்தமன ஜிஃப்களில் அந்த மினுக்கம்தான் அதிகம் உறுத்தியது.

`gifski`-யில் படம் உண்மையிலேயே நன்றாக வரும். கோப்பு அளவைப் பார்த்தீர்களா?

குலசேகரத்தான்

பெரிசாகத்தான் வரும், மறுக்கவில்லை. `--quality`-யைக் குறைத்தால் இறங்கும். மினுக்கம் எல்லாப் படத்திலும் வராது என்றுதான் நான் சொல்வேன். அந்த ஐந்து வினாடி வீடியோவை அப்படியே பகிர்ந்தால் நானே இரண்டு விதமாகவும் செய்து காட்டுகிறேன்.

கருங்கல்_கடை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் கடை வாசலில் எல்இடி போர்டு வைத்திருக்கிறேன், அதில் ஜிஃப்தான் ஏற்றுகிறேன். கடைப் பெயர் தங்க நிறத்தில் மின்னிக்கொண்டே வரும். கணினியில் நன்றாக இருக்கிறது, போர்டில் எழுத்துக்குள் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. ஜிஃப் வேண்டாம் என்றால் நான் என்ன செய்வது?

தக்கலைக்காரன்

உங்களுக்கு ஜிஃபே சரி. போர்டில் ஒரு எழுத்தின் உயரமே பத்துப் பதினைந்து விளக்குதான் இருக்கும். அங்கே ஒரு பிக்சலைக் கருத்த நிறமாக வைத்தால் அது புள்ளி இல்லை, ஓட்டைதான். தங்க நிறத்தை மேலிருந்து கீழே மங்குகிற மாதிரி போடாமல், மூன்று நான்கு தட்டையான மஞ்சளாகப் பிரித்து வரையுங்கள். டிதரிங்கை முழுதாக நிறுத்துங்கள், கட்டளையில் `dither=none`. தட்டையான நிறம், கூரான ஓரம், சின்னப் படம் என்றால் 256 தாராளம். படத்தை முதலிலேயே போர்டின் அளவுக்கே செய்யுங்கள், பெரிதாகச் செய்துவிட்டு போர்டைச் சுருக்க விடாதீர்கள்.

முட்டத்துக்காரி

சரி, என் முகப்புக்கு என்னதான் செய்வது? வானமும் வேண்டும், வள்ளமும் வேண்டும்.

தக்கலைக்காரன்

வீடியோவாகவே வையுங்கள். சத்தம் இல்லாமல், தானாக ஓடி, தானாகத் திரும்புகிற வீடியோவைப் பார்க்கிறவர்களுக்கு ஜிஃபிலிருந்து பிரித்தே தெரியாது. மூல வீடியோவிலிருந்து நேராக எடுங்கள். இருக்கிற ஜிஃபை எடுத்து எம்.பி.4 ஆக்க வேண்டாம். அதில் ஏற்கெனவே தூவிய புள்ளிகளை வீடியோ சுருக்கும் முறை உண்மையான நுணுக்கம் என்று நம்பி, அதைக் காப்பாற்றப் பிட்டை எல்லாம் செலவழிக்கும்.

```
ffmpeg -ss 2 -t 5 -i alai.mp4 -vf "scale=960:-2" -an -c:v libx264 -crf 22 -preset slow -pix_fmt yuv420p -movflags +faststart mugappu.mp4
```

`-2` என்பது உயரத்தை இரட்டைப்படை எண்ணாக வைக்கும், இல்லாவிட்டால் அந்த `yuv420p` ஒத்துக்கொள்ளாது. `yuv420p` இல்லாவிட்டால் சில போன்களில் படம் வராமல் கறுப்பாக நிற்கும். `-an` சத்தத்தை எடுத்துவிடும். கடைசியில் இருக்கும் `faststart`, கோப்பு முழுதாக இறங்குவதற்கு முன்பே ஓடத் தொடங்க வைக்கும். பக்கத்தில் இப்படி:

```
<video src="mugappu.mp4" poster="mugappu.jpg" autoplay loop muted playsinline></video>
```

`muted` இல்லாவிட்டால் உலாவிகள் தானாக ஓட விடாது. `playsinline` இல்லாவிட்டால் ஐபோன் திரை முழுதையும் எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஏன் கோப்பு சிறிதாகிறது என்றால், வீடியோ ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாக எழுதுவதில்லை. பாறை அப்படியே இருக்கிறது, வானம் அப்படியே இருக்கிறது, வள்ளம் மூன்று பிக்சல் நகர்ந்தது என்று எழுதிவிட்டு மிச்சத்தை மட்டும் சேர்க்கிறது. நிறத்துக்குத் தட்டு இல்லை, வள்ளத்தின் சிவப்பு எத்தனை சின்னதாக இருந்தாலும் அதற்கு இடம் உண்டு.

குலசேகரத்தான்

நான் அனிமேட்டட் வெப்-பி போடச் சொல்வேன். சாதாரணப் படம் போல `<img>`-க்குள்ளேயே வைக்கலாம், தானாக ஓடுமா என்ற கவலை இல்லை. சில இணையதளக் கருவிகள் முகப்பில் வீடியோவை ஏற்காது, படத்தை ஏற்கும். சஃபாரியும் 2020-லிருந்து காட்டுகிறது. பழைய ஐபோன் பயம் இப்போது தேவையில்லை. நிறமும் முழுசாக வரும், ஓரத்தில் ஒளி ஊடுருவ வேண்டுமென்றாலும் ஜிஃப் போலக் கத்தரித்த மாதிரி இருக்காது.

தக்கலைக்காரன்

ஸ்டிக்கருக்கும் சின்னச் சின்ன அசையும் படத்துக்கும் நானும் அதைத்தான் சொல்வேன். அலைக்கு வேண்டாம். வெப்-பி ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிப் படமாகச் சுருக்குகிறது, "வள்ளம் மூன்று பிக்சல் நகர்ந்தது" என்று அதனால் எழுத முடியாது. ஜிஃபைவிடச் சிறிதாக வரும், எம்.பி.4-ஐவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்கும். கருவி வீடியோவை ஏற்காவிட்டால் மட்டும் வெப்-பி.

முட்டத்துக்காரி

வீடியோ வைத்துவிட்டேன். 960 அகலம், முழு 30 ஃப்ரேம், 1.4 மெகாபைட். வள்ளம் சிவப்பாகவே இருக்கிறது! நுரையில் ஒவ்வொரு துளியும் தெரிகிறது.

இரண்டு விஷயம் மிச்சம் இருக்கிறது. அக்காவின் ஐபோனில் ஓடவில்லை, நடுவில் ஓட்டும் குறி மட்டும் நிற்கிறது. இன்னொன்று, அப்பாவின் பழைய போனில் சூரியனைச் சுற்றி மறுபடியும் வளையம் லேசாகத் தெரிகிறது. வீடியோவில்தான் தட்டே இல்லையே?

நாரோயில்_ஸ்டுடியோ

ஐபோனில் பேட்டரி சேமிக்கும் முறை போட்டிருப்பார்கள், மஞ்சள் பேட்டரி காட்டும். அந்த முறையில் வீடியோ தானாக ஓடாது. அதற்குத்தான் அண்ணாச்சி `poster` வைக்கச் சொன்னார், நல்ல ஃப்ரேமாக ஒன்றைப் படமாக எடுத்து வையுங்கள், ஓடாவிட்டாலும் பக்கம் அழகாக நிற்கும்.

வளையத்துக்கு `-crf` எண்ணை 18 ஆக்குங்கள். அவ்வளவுதான்.

தக்கலைக்காரன்

ஐபோன் விஷயத்தில் தம்பி சொன்னது சரி.

வளையத்துக்கு இரண்டு காரணம் இருக்க முடியும். ஒன்று, வீடியோ சுருக்கும்போது மெல்லிய நிற மாற்றத்தைத் தேவையில்லை என்று மெழுகிவிடுகிறது. இதற்கு 18 உதவும், கோப்பு கூடும். `-x264-params aq-mode=3` சேர்த்தால் இருண்ட பகுதிக்குப் பிட் கூடுதலாக ஒதுக்கும், வானத்தின் மேல் ஓரத்துக்கு அது நல்லது. இன்னொன்று, பழைய போனின் திரையே எல்லா நிறப் படியையும் காட்டாமல் இருக்கலாம். அப்படியென்றால் எந்த எண்ணை மாற்றினாலும் அங்கே வளையம் போகாது. மூல வீடியோவை அதே போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதிலும் வளையம் தெரிந்தால் திரைதான்.

திரையில்லை, 18-க்கும் போகவில்லை என்றால், `scale=960:-2` என்பதற்கு அப்புறம் `,noise=alls=3:allf=t` சேர்த்துப் பாருங்கள். மிக மெல்லிய இரைச்சலை நாமே தூவுகிறோம். வளையத்தை உடைக்கிற வேலைதான், டிதரிங் செய்ததும் அதுதான். ஆனால் இங்கே 200-க்கும் 208-க்கும் இடையில் தாவ வேண்டியதில்லை, ஒரு படி இரண்டு படி அசைந்தால் போதும், அதனால் புள்ளியாகத் தெரியாது. கோப்பு கொஞ்சம் ஏறும்.

நாரோயில்_ஸ்டுடியோ

சுத்தமான வீடியோவில் இரைச்சல் சேர்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணாச்சி. வாட்ஸ்அப்பில் யாராவது அதைத் திரும்ப அனுப்பினால் மறுபடி சுருங்கும், அந்த இரைச்சல் கட்டம் கட்டமாகிவிடும். 18-ல் நிறுத்திவிடலாம்.

தக்கலைக்காரன்

அனுப்புவதற்கு என்றால் இரைச்சல் சேர்க்காத கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். முகப்பில் ஓடுவது திரும்பச் சுருங்கப் போவதில்லை.

முட்டத்துக்காரி

மூல வீடியோவை அப்பா போனுக்கு அனுப்பிப் பார்க்கிறேன். இன்னொரு கேள்வி, தங்கிப் போனவர்களுக்குச் சீசன் தொடங்கும்போது மின்னஞ்சல் அனுப்புவோம். அதிலும் இந்த வீடியோவை வைக்கலாமா?

குலசேகரத்தான்

மின்னஞ்சலில் பெரும்பாலும் வீடியோ ஓடாது அக்கா, அங்கே இன்னும் ஜிஃப்தான். அலுவலகக் கணினியில் இருக்கும் பழைய அவுட்லுக் ஜிஃபின் முதல் ஃப்ரேமை மட்டும் காட்டி நின்றுவிடும். அதனால் முதல் ஃப்ரேமிலேயே வள்ளமும் பாறையும் தெரிகிற மாதிரி வெட்டுங்கள்.

தக்கலைக்காரன்

அதற்கு அஸ்தமனத்தை எடுக்காதீர்கள். பகலில், வானம் வராமல் கேமராவைக் கீழே சாய்த்து, பாறையும் நுரையும் மட்டும் எடுங்கள். நுரை தானே புள்ளி புள்ளியாக இருப்பதால் அதில் டிதரிங் தெரியாது. 320 அகலம், வினாடிக்கு 10 ஃப்ரேம், மூன்று வினாடி போதும். கோப்பு அப்போதும் கனமாகத் தோன்றினால் `palettegen`-ல் `max_colors=64` என்று குறையுங்கள். மேலே சொன்ன பேயர் அப்படியே இருக்கட்டும். `gifsicle -O3 --lossy=60` ஒருமுறை ஓட்டினால் இன்னும் குறையும். 80-க்கு மேல் போனால் பாறையில் கிடையாகக் கோடு இழுக்கத் தொடங்கும், அதற்கு முன் நிறுத்துங்கள்.

மார்த்தாண்டம்_அச்சகம்

வள்ளம் வருகிற மாதிரி எடுத்தால் சிவப்பு வர்ணம் சட்டத்தில் கால் பங்காவது இருக்கும்படி கிட்டே எடுங்கள் தங்கச்சி. அப்போது தட்டில் அதற்கு இடம் கிடைக்கும் இல்லையா அண்ணாச்சி?

தக்கலைக்காரன்

கால் பங்குகூட வேண்டாம். இருபதில் ஒரு பங்கு இருந்தாலே சிவப்பு தனக்கென்று சில இடங்களைப் பிடித்துக்கொள்ளும்.